ஏறாத சம்பளமும் இறங்காத விலையும்

ஜனவரி பிறந்துவிட்டால் என் காலை நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளில் பாதி சம்பளப் பேச்சாகத்தான் இருக்கும். பாட்டுக் கேட்க அழைப்பவர்கள்கூட, “இந்த வருஷமும் ஐம்பது வெள்ளிதான் ஏத்தினாங்க தம்பி” என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பாட்டின் பெயரைச் சொல்வார்கள். “அந்த ஐம்பது வெள்ளி எதுக்கு? நல்லா வேலை செஞ்சதுக்கா, விலைவாசி ஏறினதுக்கா?” என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பெரும்பாலானோருக்கு அது தெரியாது. கொடுத்த முதலாளிக்கும் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டுவதால்தான் நம் ஆட்கள் வருடா வருடம் ஏமாந்து போகிறார்கள் என்பது என் எண்ணம். வேலையில் தேர்ச்சி வந்ததற்கும், கூடுதல் பொறுப்பை எடுத்துக்கொண்டதற்கும் கிடைப்பது ஊதிய உயர்வு. அது கிடைத்த பிறகு நீங்கள் போன வருடத்தைவிட வசதியாக இருக்க வேண்டும். விலை ஏறியதற்காகக் கிடைப்பது சம்பளச் சரிக்கட்டல். அது கிடைத்தால் நீங்கள் போன வருடம் இருந்த அதே இடத்தில் இருப்பீர்கள், அவ்வளவுதான். முன்னது பாராட்டு. பின்னது, கிழிந்த சட்டையைத் தைத்துக் கொடுப்பது மாதிரி. தைத்துக் கொடுத்துவிட்டு, “புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தேன்” என்று யாரும் சொல்லக்கூடாது இல்லையா?

இதை எப்படிப் பிரித்துக் கேட்பது என்பதைக் கிள்ளானில் இருக்கும் ஓர் அக்காவின் கணக்கை வைத்தே சொல்கிறேன். துறைமுகப் பக்கம், சரக்கு அனுப்பும் ஒரு சிறிய கம்பெனியில் அவர் கணக்குப் பிரிவில் இருக்கிறார். மொத்தம் 22 பேர். தொழிற்சங்கம் கிடையாது. முதலாளியும் நம்மவர்தான். எல்லாரும் அவரை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா என் நிகழ்ச்சியின் பல வருட நேயர். 2025 பிப்ரவரியில் பாஸிடம் பேசப் போவதற்கு முன்னால், “தம்பி, நான் எழுதி வச்சிருக்கிறது சரியான்னு பாருங்க” என்று ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பினார். வானொலிக்காரனிடம் சம்பளக் கணக்கைக் காட்டுகிறாரே என்று முதலில் சிரிப்பு வந்தது. தாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

குறியீடு சொல்லும் கதை

அக்கா 2022 ஜனவரியில் 2,800 வெள்ளிச் சம்பளத்தில் சேர்ந்தார். 2023இல் 50 வெள்ளி ஏறியது. 2024இல் 60 வெள்ளி. ஆக 2,910 வெள்ளி. பார்க்கிற யாரும், “பரவாயில்லையே, இரண்டு தடவை ஏறியிருக்கிறதே” என்றுதான் சொல்வார்கள்.

இப்போது விலைப் பக்கம் வருவோம். நம் நாட்டுப் புள்ளிவிவரத் துறை மாதாமாதம் பயனீட்டாளர் விலைக் குறியீடு என்று ஒன்றை வெளியிடுகிறது. சிபிஐ என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். 2010ஆம் ஆண்டு விலைகளை 100 என்று வைத்துக்கொண்டு, அதே மாதிரி ஒரு கூடைச் சாமானுக்கு இன்று எவ்வளவு ஆகிறது என்பதைக் காட்டும் எண் அது. ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால் 2021இல் அது 123.1. 2022இல் 127.2. 2023இல் 130.4. 2024இல் 132.8.

அக்கா செய்தது ஒரே ஒரு வகுத்தல்தான். வேலையில் சேர்ந்தபோது கையில் இருந்த கடைசி ஆண்டு எண் 123.1. பேசப் போகும்போது இருக்கும் கடைசி ஆண்டு எண் 132.8. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.079 வருகிறது. அதாவது மூன்று வருடத்தில் விலைகள் ஏறக்குறைய 7.9 விழுக்காடு ஏறியிருக்கின்றன. அன்று 2,800 வெள்ளியில் வாங்கியதை இன்று வாங்க 3,021 வெள்ளி வேண்டும். அக்கா வாங்குவதோ 2,910. இரண்டு தடவை சம்பளம் ஏறியும், மாதம் 111 வெள்ளி பின்னால் நிற்கிறார். மூன்று வருட அனுபவத்துக்கும், புதிதாக எடுத்துக்கொண்ட சுங்கத்துறை வேலைகளுக்கும் கிடைத்தது என்னவென்று கேட்டால், ஒன்றுமில்லை. கொடுத்த 110 வெள்ளி முழுவதையும் விலைவாசி சாப்பிட்டுவிட்டது. அது போதாமல் இன்னொரு 111ஐக் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேச்சுவார்த்தைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கவிழ்கின்றன. “பணவீக்கம் குறைந்துவிட்டது” என்று செய்தியில் நானே எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். 2022இல் 3.3 விழுக்காடு, 2023இல் 2.5, 2024இல் 1.8. குறைந்தது உண்மைதான். ஆனால் குறைந்தது ஏறும் வேகம். விலை குறையவில்லை. மேலே இருக்கும் நான்கு எண்களை இன்னொரு தடவை பாருங்கள். ஒரு வருடமாவது கீழே இறங்கியிருக்கிறதா? மாடிப்படி ஏறுகிறவர் மெதுவாக ஏற ஆரம்பித்துவிட்டார் என்பதற்காக அவர் கீழே வந்துவிட்டதாக ஆகாது. முதலாளி, “இப்பதான் விலைவாசி அடங்கிடுச்சே” என்று சொன்னால், போன ஒரு வருடத்து விழுக்காட்டைப் பற்றிப் பேசாதீர்கள். கடைசியாகச் சம்பளம் சரிக்கட்டப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை என்ன ஆனது என்று பேசுங்கள்.

“என் வீட்டுச் செலவு அப்படி இல்லையே?”

“7.9தானா? என் சந்தைச் செலவு அதைப்போல ரெண்டு மடங்கு ஏறியிருக்கு தம்பி” என்று அக்காவே கேட்டார். அவர் சொன்னதும் பொய்யில்லை. தேசியக் குறியீடு எல்லா வகைச் செலவையும் கலந்த சராசரி. அந்தக் கூடையில் உணவுக்கு ஏறக்குறைய 30 விழுக்காடுதான் இடம். துணிமணி, தொலைபேசி போன்றவை அதிகம் ஏறாமல் இருந்து மொத்த எண்ணை இழுத்துப் பிடிக்கும். மொத்தக் குறியீடு 3.3 விழுக்காடு ஏறிய அதே 2022இல் உணவுப் பொருள் விலை மட்டும் 5.8 விழுக்காடு ஏறியது. அடுத்த வருடம் 4.8. சம்பளத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கும் குடும்பத்துக்கு அந்த இரண்டு வருடங்களும் செய்தியில் சொன்னதைவிடக் கடுமையாக இருந்ததற்குக் காரணம் இதுதான். இன்னொன்று, வீட்டுக் கடன் தவணை இந்தக் கூடையில் இல்லை. 2022 மே மாதத்துக்கும் 2023 மே மாதத்துக்கும் இடையில் பேங்க் நெகாராவின் வட்டி விகிதம் 1.75இலிருந்து 3 விழுக்காட்டுக்குப் போனதில் தவணை கூடியவர்களுக்கு, அந்தச் சுமை குறியீட்டில் தெரியவே தெரியாது.

அப்படியானால் மளிகைக் கடை ரசீதை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு போகலாமா? வேண்டாம் என்றுதான் சொல்வேன். ரசீதைக் காட்டியதும் பேச்சு உங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். “ஏம்மா, பிள்ளைக்கு டியூஷன் அவ்வளவு தேவையா? வெளியில சாப்பிடறதைக் குறைக்கலாமே?” என்று ஆரம்பிப்பார்கள். உங்கள் செலவு சரியா தவறா என்ற விசாரணையாக அது மாறிவிடும். அரசாங்கம் வெளியிடும் எண்ணில் அந்தத் தொல்லை இல்லை. அதை நீங்களும் கூட்டவில்லை, அவரும் குறைக்கவில்லை. அடுத்த வருடமும் அதே இடத்தில் அதே எண் வரும்.

ஆனால் எந்த எண் என்பதில் உங்களுக்குத் தேர்வு இருக்கிறது. புள்ளிவிவரத் துறை மாநிலவாரியாகவும் குறியீடு வெளியிடுகிறது. மாத வருமானம் 3,000 வெள்ளிக்குக் குறைவாக உள்ள குடும்பங்களுக்கும் தனியாக ஒரு குறியீடு உண்டு. எல்லாம் open.dosm.gov.my என்ற பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் ஊரில் விலை வேகமாக ஏறுகிறது என்று நினைத்தால் மாநில எண்ணை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். ஒரு தடவை எந்தக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, அதையே தொடர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வருடம் உணவு எண், அடுத்த வருடம் மாநில எண் என்று எது பெரிதோ அதைத் தூக்கிக்கொண்டு போனால், இரண்டாவது தடவை யாரும் நம்ப மாட்டார்கள். அக்கா தேசிய எண்ணையே எடுத்தார். “பாஸ் எதிர்த்துப் பேச முடியாத எண்தான் எனக்கு வேணும்” என்றார். நியாயம்தானே.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியார் கம்பெனியில், தொழிற்சங்கம் இல்லாத இடத்தில், வருடாவருடம் விலைவாசிக்கு ஏற்பச் சம்பளத்தைச் சரிக்கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் கைவைப்பது குறைந்தபட்சச் சம்பளத்தில் மட்டும்தான். 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளியாக ஆன அது, 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து, ஐந்து பேருக்கும் அதற்கு மேலும் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 1,700 ஆனது. அக்காவின் அலுவலகத்தில் 1,500 வாங்கிக்கொண்டிருந்த தம்பிக்கு ஒரே நாளில் 200 வெள்ளி ஏறியது. அவனுக்கு அது தேவைதான், அக்காவும் சந்தோஷப்பட்டார். ஆனால் அவனுக்கு மேலே இருப்பவர்கள் எல்லாம் அதே இடத்தில் நின்றார்கள். அடித்தளம் உயர்ந்தது, கூரை உயரவில்லை. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் தலை இடிக்கிறது.

தொழிற்சங்கம் இருக்கும் இடங்களில் கதை வேறு. அங்கே சங்கமும் முதலாளியும் கூட்டு ஒப்பந்தம் போடுவார்கள். 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டப்படி அந்த ஒப்பந்தம் மூன்று வருடத்துக்குக் குறையக்கூடாது. ஒவ்வொரு புது ஒப்பந்தத்திலும், வருடாந்தர உயர்வு ஒரு பக்கம் இருக்க, கடந்த மூன்று வருட விலை ஏற்றத்துக்காகச் சம்பளச் சரிக்கட்டல் என்று தனியாக ஒன்று பேசப்படும். பேச்சு முறிந்து தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போனால், நீதிமன்றம் பார்ப்பவற்றில் முக்கியமான ஒன்று, சம்பளம் கடைசியாகத் திருத்தப்பட்ட பிறகு வாழ்க்கைச் செலவு எவ்வளவு ஏறியது என்பது. அதே வட்டாரத்தில் அதே தொழிலில் மற்றவர்கள் என்ன கொடுக்கிறார்கள், இந்தக் கம்பெனியால் தாங்க முடியுமா என்பதையும் பார்க்கும். அப்படிப் பார்த்துவிட்டு, குறியீடு ஏறியதில் மூன்றில் இரண்டு பங்கு வரை சரிக்கட்டலாகக் கொடுப்பது அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்து வருகிறது. முழுவதையும் கொடுத்தால் அந்தச் சம்பளமே மறுபடியும் விலையை ஏற்றிவிடும் என்ற கவலையும், சுமையை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அதற்குப் பின்னால் உண்டு.

சங்கம் இல்லாத அக்காவுக்கு இந்த வழக்கம் சட்டப்படி எந்த உரிமையும் தராது. ஆனால் பேசுவதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. “நான் புதுசா ஒண்ணும் கேட்கல பாஸ், சங்கம் இருக்கிற கம்பெனியில எல்லாம் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறாங்க” என்று சொல்ல முடிந்தது.

சம்பளத்தை வெளியில் உள்ள ஒரு விலையோடு கட்டிவைப்பது நம் குடும்பங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. தோட்டத்தில் பால் வெட்டிய நம் தாத்தா பாட்டிக்கு ரப்பர் விலையைப் பார்த்துச் சம்பளம் ஏறி இறங்கிய காலம் உண்டு. ஆனால் அது முதலாளியின் வரவோடு கட்டிய கயிறு. ரப்பர் விலை விழுந்தால், அரிசி விலை ஏறியிருந்தாலும் சம்பளம் இறங்கும். நாம் இப்போது கேட்பது, கயிற்றின் அந்த முனையை ரப்பரிலிருந்து அவிழ்த்து அரிசியில் கட்டுங்கள் என்பதைத்தான்.

பாஸ் கேட்ட இரண்டு கேள்விகள்

அக்கா பிப்ரவரியில் போய்ப் பேசியதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கம்பெனியின் கணக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. முந்தைய ஆண்டின் சராசரிக் குறியீடு ஜனவரி கடைசிக்குள் வந்துவிடும். ஆக எண் கையில் வந்த பிறகு, புது வரவு செலவுத் திட்டத்தை மூடுவதற்கு முன்னால் இருக்கும் அந்த ஐந்தாறு வாரம்தான் சரியான நேரம். உங்கள் கம்பெனியின் கணக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்கினால், அக்டோபரிலேயே பேச்சை எடுங்கள். அப்போது கடைசி பன்னிரண்டு மாதத்துக் குறியீட்டை வைத்துக் கணக்குப் போடலாம். திட்டம் மூடிய பிறகு போனால், மனமிருந்தாலும் “அடுத்த வருஷம் பார்ப்போம்மா” என்ற பதில்தான் வரும்.

அவர் கேட்டவை இரண்டு. பின்தங்கிப் போன 111 வெள்ளியை ஈடு செய்ய வேண்டும். இனிமேல் ஒவ்வோர் ஏப்ரலிலும், யாரும் போய்க் கேட்காமலே, முந்தைய ஆண்டின் குறியீட்டு உயர்வு அடிப்படைச் சம்பளத்தில் சேர வேண்டும். முதலாவது ஒரு தொகை. இரண்டாவது ஒரு விதி. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிது. தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் அடுத்த வருடம் மறுபடியும் அதே கதவைத் தட்ட வேண்டும். விதி எழுதப்பட்டால் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

பாஸ் முதலில் கேட்டது, “எனக்கு எவ்வளவு ஆகும், அதைச் சொல்லும்மா” என்றுதான். நல்ல கேள்வி. கணக்குப் பிரிவில் இருந்ததால் அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. 22 பேருக்கும் சேர்த்து மாதச் சம்பளம் 70,000 வெள்ளி. அதில் 1.8 விழுக்காடு 1,260 வெள்ளி. ஆனால் முதலாளிக்கு அதோடு முடிவதில்லை. 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி 13 விழுக்காடு இபிஎஃப் கட்ட வேண்டும். சொக்சோவும் வேலை காப்புறுதியும் சேர்ந்தால் ஏறக்குறைய 15 விழுக்காடு. ஆக நமக்கு 100 வெள்ளி ஏறினால் அவருக்கு 115 வெள்ளி செலவு. 1,260 வெள்ளி 1,450 ஆகிறது. வருடத்துக்கு 17,400 வெள்ளி. அந்த எண்ணை அக்காவே சொன்னதும் பாஸ் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். தன் பக்கத்துச் செலவையும் எண்ணிப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தால் எதிரில் இருப்பவர் பேசும் தொனியே மாறிவிடும்.

இரண்டாவதாக அவர், “அடிப்படைச் சம்பளத்தில் வேண்டாம், மாதம் 80 வெள்ளி வாழ்க்கைச் செலவு அலவன்ஸா தர்றேன்” என்றார். பலர் இங்கே தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். கையில் வரும் காசு ஒன்றுதானே என்று தோன்றும். இப்படிப்பட்ட அலவன்ஸுக்கும் இபிஎஃப் கட்டத்தான் வேண்டும், அதில் வித்தியாசமில்லை. வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது. இரண்டு மாத போனஸ் என்றால் பெரும்பாலான கம்பெனிகளில் அது அடிப்படைச் சம்பளத்தில் இரண்டு மாதம். அலவன்ஸ் அதில் சேராது. அடுத்த வருடம் மூன்று விழுக்காடு உயர்வு என்றால் அதுவும் அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். அலவன்ஸ் 80 வெள்ளியாகவே உறைந்துகிடக்கும், அதன் மதிப்பையும் விலைவாசி ஒவ்வொரு வருடமும் கரைக்கும். “நிலைமை சரியானதும் எடுத்துடுவோம்” என்று சொல்லவும் அலவன்ஸில் இடம் அதிகம். விலைகள் திரும்ப இறங்கப்போவதில்லை என்பதால், அதற்கான ஈடும் திரும்ப எடுக்க முடியாத இடத்தில் இருப்பதுதான் முறை. அக்கா இதை அப்படியே சொல்லி, தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடிப்படைச் சம்பளத்தில் சேருங்கள் என்று நின்றுவிட்டார்.

எழுதியது என்ன?

முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. பின்தங்கிய தொகையில் 55 வெள்ளி ஏப்ரலில், இன்னொரு 55 வெள்ளி அக்டோபரில். விதியும் கிடைத்தது. ஆனால் அக்கா கேட்ட முழுக் குறியீடு இல்லை, மூன்றில் இரண்டு பங்கு. அதற்குப் பதிலாக அக்கா ஒரு தரைத்தொகை கேட்டு வாங்கினார். கணக்கு எவ்வளவு வந்தாலும் 50 வெள்ளிக்குக் குறையக்கூடாது. கம்பெனி நஷ்டத்தில் போனால் ஆறு மாதம் வரை தள்ளிப்போட பாஸுக்கு உரிமை உண்டு, ஆனால் கணக்கைக் காட்ட வேண்டும்.

அந்தத் தரைத்தொகை ஏன் முக்கியம் என்று பாருங்கள். அக்காவின் சம்பளம் 3,020 ஆன பிறகு, 2024 மாதிரியே இன்னொரு வருடம் 1.8 விழுக்காடு விலை ஏறினால், மூன்றில் இரண்டு பங்கு என்பது 1.2 விழுக்காடு. வெறும் 36 வெள்ளி. தரைத்தொகை இருப்பதால் 50 வெள்ளி கிடைக்கும். உண்மையில் விலைக்கு ஈடாக வேண்டியது 54. கிட்டத்தட்ட சரியாகிவிட்டது. அலுவலகத்தில் குறைவாகச் சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்த 50 வெள்ளி இன்னும் பெரிய விழுக்காடு. 1,700 வாங்கும் தம்பிக்கு அது கிட்டத்தட்ட 3 விழுக்காடு. வெறும் விழுக்காட்டு முறையில் மேலே இருப்பவருக்குத்தான் அதிக வெள்ளி போகும். கோழியும் முட்டையும் எல்லாருக்கும் ஒரே விலைதானே.

ஆனால் 2022 மாதிரி 3.3 விழுக்காடு ஏறும் வருடம் வந்தால் கதை மாறும். அக்காவுக்கு 100 வெள்ளி வேண்டியிருக்கும், விதிப்படி 66தான் கிடைக்கும். மாதம் 34 வெள்ளி விழும். அப்படி இரண்டு வருடம் தொடர்ந்து வந்தால் பள்ளம் மறுபடியும் ஆழமாகிவிடும். அதனால்தான், மூன்று வருடத்துக்கு ஒரு தடவை இரு தரப்பும் உட்கார்ந்து மொத்தக் கணக்கையும் சரிபார்க்க வேண்டும் என்று கடைசி வரியாகச் சேர்க்கச் சொன்னேன். அதையும் பாஸ் ஒப்புக்கொண்டார்.

வாய்வார்த்தையாக விடாமல் கடிதமாக வாங்கியதில் உள்ள முக்கிய வாசகம் இது. உங்களுக்குப் பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

“ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் தேதி, மலேசியப் புள்ளிவிவரத் துறை வெளியிடும் முந்தைய ஆண்டின் சராசரிப் பயனீட்டாளர் விலைக் குறியீட்டு உயர்வில் மூன்றில் இரண்டு பங்கு அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்கப்படும். அந்தத் தொகை 50 வெள்ளிக்குக் குறையாது. வேலைத் திறனுக்காக வழங்கப்படும் ஊதிய உயர்வு இதிலிருந்து வேறானது.”

நாள், எந்தக் குறியீடு, எவ்வளவு பங்கு, எதில் சேர்கிறது, எது இதில் சேராது. இந்த ஐந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். “விலைவாசிக்கு ஏற்ப அவ்வப்போது பரிசீலிக்கப்படும்” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அது கடிதமே இல்லை, ஆறுதல் வார்த்தை. கடைசி வாக்கியத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், அடுத்த ஏப்ரலில் உங்கள் திறமைக்குக் கிடைக்க வேண்டிய உயர்வும் இந்த 50 வெள்ளிக்குள்ளேயே அடங்கிப் போகும்.